மணிக்கு ஆறு கிலோமீட்டர் வரைக்கும்தான் கிளட்ச்சுக்கு வேலை

கேள்வி: எனக்கு ஸ்கூட்டி மட்டும்தான் ஓட்டத் தெரியும். இப்போது கார் பழகுகிறேன். "கிளட்ச்சை மெதுவா விடும்மா, மெதுவா விடும்மா" என்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் வண்டி ஆஃப் ஆகிவிடுகிறது. கிளட்ச், கியர்பாக்ஸ், இன்ஜின் மூன்றும் உள்ளே என்னதான் செய்கின்றன?

பதில்:

மெதுவா விடு என்று சொல்கிறவர்கள் எதுவரைக்கும் மெதுவாக, எதற்காக மெதுவாக என்று சொல்ல மாட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை. நான் பழகிய இடத்தில் சொல்லிக் கொடுத்தவர் தன் பக்கம் இருந்த இன்னொரு கிளட்ச் பெடலைக் காலால் அமுக்கிக்கொண்டே பதினைந்து நாளும் வண்டியை அவரே ஓட்டினார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, நமக்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கதையும் அதுதான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் இன்ஜினியர் இல்லை, கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவன். மெக்கானிக்கல் படித்தவர்கள் தசமத்துக்குச் சண்டைக்கு வர வேண்டாம். கீழே வரும் எண்கள் ஒரு சின்ன பெட்ரோல் காருக்கு உத்தேசமானவை, வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும்.

முதலில் இன்ஜினுடைய குணம். அதனால் மெதுவாகச் சுற்றவே முடியாது. ஆக்சிலேட்டரைத் தொடாமல் விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 850 சுற்று சுற்றும், அதைத்தான் ஐடிலிங் என்கிறோம். அதற்கு ரொம்பக் கீழே இழுத்தால் அடுத்த சுற்றுக்குத் தேவையான வேகம் இல்லாமல் நின்றுவிடும். கரண்ட் மோட்டார் பூஜ்யத்திலிருந்து எழுந்து சுற்றும், இது எழாது. சக்கரமோ பூஜ்யத்திலிருந்துதான் கிளம்பியாக வேண்டும். ஒன்று 850-இல் சுற்றிக்கொண்டிருக்கிறது, இன்னொன்று அசையாமல் நிற்கிறது. இரண்டையும் சட்டென்று கோர்த்தால் கனமானது ஜெயிக்கும், அதாவது வண்டி. இன்ஜினைப் பிடித்து நிறுத்திவிடும். உங்கள் வண்டி ஆஃப் ஆவது இதனால்தான்.

நடுவில் கியர்பாக்ஸ் என்ன செய்கிறது என்று பார்த்தால் கணக்கு புரிந்துவிடும். முதல் கியரில் இன்ஜின் ஏறக்குறைய 14 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். வேகம் பதினாலில் ஒரு பங்காகக் குறைகிறது, இழுவை கிட்டத்தட்ட பதினாலு மடங்கு ஆகிறது. நின்ற வண்டியைக் கிளப்ப அந்த இழுவை வேண்டும். ஐந்தாவது கியரில் இன்ஜின் மூன்று சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று, அதாவது வேகம் அதிகம், இழுவை குறைவு.

இப்போது 850-ஐ 14-ஆல் வகுத்துப் பாருங்கள். சக்கரம் நிமிடத்துக்கு அறுபது சுற்று. சின்னக் கார்ச் சக்கரம் ஒரு சுற்றில் ஒன்றே முக்கால் மீட்டர் போகும். நிமிடத்துக்கு 105 மீட்டர், மணிக்கு ஆறு கிலோமீட்டர் சொச்சம். ஆக, முதல் கியரில் இன்ஜினும் சக்கரமும் நேரடியாகப் பூட்டிக்கொண்டு வசதியாக ஓடக்கூடிய குறைந்தபட்ச வேகமே ஆறு கிலோமீட்டர்தான். பூஜ்யத்துக்கும் ஆறுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை நிரப்பத்தான் கிளட்ச். ஆறைத் தாண்டிவிட்டால் முதல் கியரில் கிளட்ச்சுக்கு வேலையே இல்லை, காலை முழுசாக எடுத்துவிடலாம். இதே கணக்கை ஐந்தாவது கியருக்குப் போட்டால் முப்பது கிலோமீட்டர் வரும். ஐந்தில் போகும்போது முப்பதுக்குக் கீழே வந்தால் வண்டி ஏன் உதறுகிறது என்பதற்கும் பதில் இதுதான்.

கிளட்ச் என்பது என்ன? இன்ஜினோடு சேர்ந்து எப்போதும் சுற்றுகிற கனமான இரும்புச் சக்கரம் ஒன்று இருக்கிறது, ஃப்ளைவீல். அதன் முகத்தில் ஒட்டி நிற்கிற வட்டத் தகடுதான் கிளட்ச் பிளேட், சின்னக் காரில் சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. அது கியர்பாக்ஸுக்குள் போகிற தண்டில் செருகியிருக்கும். பின்னாலிருந்து ஒரு ஸ்பிரிங் வைத்த பிரஷர் பிளேட் அதை ஃப்ளைவீலோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருக்கும். நீங்கள் பெடலை மிதிக்கும்போது அந்தப் பிடி தளர்கிறது. இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். மிதித்தால் பிரியும், விட்டால் ஒட்டும்.

பாதி விடும்போதுதான் விசேஷம். பிளேட் ஃப்ளைவீலோடு உரசும், ஆனால் முழுசாகப் பிடிக்காது. ஒன்று வேகமாகச் சுற்ற, இன்னொன்று வழுக்கிக்கொண்டே மெல்ல வேகம் எடுக்கும். ஓடுகிற டவுன் பஸ்ஸில் தொத்தியவர்களுக்கு இது தெரியும். கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலு அடி கூடவே ஓடி, பஸ் வேகம் நமக்கும் வந்த பிறகுதான் படியில் கால் வைப்போம். நின்ற இடத்திலிருந்து நேராகத் தாவினால் பல் போகும். அந்த நாலு அடி ஓட்டம்தான் ஹாஃப் கிளட்ச். உங்கள் ஸ்கூட்டியிலும் கிளட்ச் இருக்கிறது. நீங்கள் ஆக்சிலேட்டரைத் திருகும்போது அதுவே விரிந்து பிடித்துக்கொள்கிறது, அதனால் உங்களுக்குத் தெரியவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் கிளட்ச் பற்றி நான் கற்றது அங்கேதான். மச்சினன் பிள்ளைக்குக் காது குத்து, பழமுதிர்சோலையில். அழகர்கோயில் அடிவாரத்திலிருந்து மலைப்பாதையில் ஏறினோம், வண்டியில் ஐந்து பேர், டிக்கியில் சமையல் சாமான். முகூர்த்த நாள். மேலே ஒரு வளைவில் பஸ் இறங்க வழியில்லாமல் எல்லா வண்டியும் மேட்டில் நின்றுவிட்டது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு அடி நகரும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி பின்னால் உருளுகிறது, பின்னால் ஒட்டி ஒரு வேன். நான் கெட்டிக்காரத்தனமாக ஒரு வழி கண்டுபிடித்தேன். கொஞ்சம் ஆக்சிலேட்டர், பாதி கிளட்ச், வண்டி முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் அந்தரத்தில் நின்றது. எனக்கே பெருமையாக இருந்தது.

மாமியார்தான் முதலில் சொன்னார்கள், "யாரோ ரப்பரை எரிக்கிறாங்கப்பா" என்று. நான் வேன்காரனைத்தான் சந்தேகப்பட்டேன். கொஞ்ச நேரத்தில் பானெட் ஓரத்தில் வெள்ளையாகப் புகை. பாதை திறந்து ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி போகவில்லை. எல்லாரும் இறங்கி, மாமியார் உட்பட, மேலே நடந்தார்கள். பக்கத்து மரத்துக் குரங்குகள் டிக்கி எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தன.

பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கினார்கள். மெக்கானிக் தம்பி பிளேட்டை என் கையில் கொடுத்தான். லைனிங் கருகி, ரிவிட் தலை வெளியே தெரிந்தது. உள்ளே டார்ச் அடித்துக் காட்டினான், பளபளவென்று இருக்க வேண்டிய ஃப்ளைவீல் முகத்தில் திட்டுத் திட்டாக நீலம் பாரித்திருந்தது. "வச்சு எரிச்சிருக்கீங்கண்ணே. பிளேட்டு வழுக்குறது ஓடி வர்ற வரைக்கும்தான். நீங்க வழுக்க விட்டே வண்டியை நிறுத்தி வச்சிருக்கீங்க" என்றான்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன் (கணக்கெழுதுகிறவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு). ஆட்களோடு 1200 கிலோ எடை, பத்துக்கு ஒன்று என்ற மேடு, இன்ஜின் 1500 சுற்றில் இருந்தால், அந்தச் சின்னத் தட்டுக்குள் சுமார் 3,700 வாட் சூடு இறங்குகிறது. நாலு அயர்ன் பாக்ஸை ஒன்றாக அதன் மேல் வைத்தது போல. வண்டி நகராததால் இன்ஜின் கிளட்ச்சுக்குக் கொடுக்கிற சக்தி ஒரு துளி விடாமல் சூடாகத்தான் மாறும். சமதளத்தில் கிளம்பும்போதும் சூடு உண்டு, ஆனால் இரண்டு மூன்று வினாடியில் முடிந்துவிடும், பிளேட் தாங்கும். என்னுடையது விட்டு விட்டு இருபது நிமிடம். கிளட்ச் செட், கூலி எல்லாம் சேர்த்து ஏழாயிரம் போனது.

கிளட்ச் போய்விட்டதா என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். நாலாவது கியரில் போகும்போது ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் பிளேட் வழுக்குகிறது.

கியர் மாற்றும்போது ஏன் கிளட்ச் என்றும் கேட்பீர்கள். கியர்பாக்ஸுக்குள் முன்னால் போகிற கியர்களின் பற்கள் எப்போதும் கோர்த்தேதான் இருக்கும். நீங்கள் லிவரைத் தள்ளும்போது எந்த ஜோடி தண்டோடு பூட்ட வேண்டும் என்பதுதான் மாறுகிறது. பூட்டுவதற்கு முன் இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்க உள்ளே ஒரு வளையம் உரசிக் கொடுக்கும். இன்ஜினின் பாரம் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தால் அந்த வளையத்தால் முடியாது, அதனால் கிளட்ச்சை மிதித்து இன்ஜினைக் கழற்றிவிடுகிறோம். பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு அந்த வளையம் கிடையாது. வண்டி முழுசாக நிற்காமல் ரிவர்ஸ் போட்டால் கர்ரென்று கத்துவது அதனால்தான்.

நாளைக்கு இப்படிப் பழகிப் பாருங்கள். சமமான காலி மைதானம், முதல் கியர், ஆக்சிலேட்டர் பக்கமே போகாதீர்கள். கிளட்ச்சை விட்டுக்கொண்டே வாருங்கள். இன்ஜின் சத்தம் கொஞ்சம் கம்மும், வண்டி லேசாகச் சிலிர்க்கும். அந்த இடத்தில் காலை நிறுத்திவிடுங்கள். இதுதான் முக்கியம், எல்லாரும் இங்கேதான் பயந்து விட்டுவிடுகிறார்கள். வண்டி நடை வேகத்தைத் தாண்டும்வரை, இரண்டு வினாடி போல, அப்படியே பிடித்திருந்து பிறகு மிச்சத்தை விடுங்கள். அரை மணி நேரத்தில் கால் கற்றுக்கொள்ளும். "ஆட்டோமேட்டிக் வாங்குங்க, எதுக்கு இந்தக் கஷ்டம்" என்று கீழே பதில் போடப் போகிறவர்களுக்கு: கேள்வி கேட்டவர் பழகுகிற வண்டி இதுதான், நீங்கள் காசு கொடுப்பீர்களா?

மேட்டில் நிற்கும்போது ஹேண்ட்பிரேக்கை இழுத்து, நியூட்ரல் போட்டு, காலை எடுத்துவிடுங்கள். கிளம்பும்போது முதல் கியர், கொஞ்சம் ஆக்சிலேட்டர், கிளட்ச் பிடிக்கிற இடம் வந்ததும் வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும், அப்போது ஹேண்ட்பிரேக்கை இறக்குங்கள். பின்னால் ஒரு இஞ்ச் கூட உருளாது.

எனக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் என் ஹேண்ட்பிரேக் அன்றைக்குப் பிடிக்கவில்லை. அதற்கு முந்தின வாரம் மச்சினன் வண்டியை வாங்கிக்கொண்டு போய், ஹேண்ட்பிரேக்கை இறக்காமலே திருமங்கலம் வரைக்கும் ஓட்டிவிட்டு, பெட்ரோலும் போடாமல் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். மலையில் புகை வந்தபோது, "மாமா, உங்களுக்கு இன்னும் கிளட்ச் கன்ட்ரோல் வரலை" என்று எல்லார் முன்னாலும் சொன்னவரும் அவர்தான். ஏழாயிரம் ரூபாய் பில் இன்னும் என் பீரோவில் இருக்கிறது, காட்டினால் வீட்டில் சாப்பாடு கிடைக்காது.