பாதிக் கூட்டத்துக்கு முழுச் சம்மதம்

கேள்வி: வியாழக்கிழமை 3 மணி முதல் 4.30 வரை ஒரு கூட்டத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. ஐந்து பொருள்களில் மூன்றாவது மட்டும்தான் என் வேலையோடு தொடர்புடையது. 4 மணிக்கு எனக்கு வேறொரு அழைப்பு வேறு இருக்கிறது. வர மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. யாரும் முகம் சுளிக்காமல் இதற்கு எப்படிப் பதில் அனுப்புவது?

பதில்:

ஏறக்குறைய இதே நிலையில் நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன். அழைப்பில் Accept என்பதை அழுத்தினேன். கூடவே வந்த குறிப்புப் பெட்டியில், “மூன்றாவது பொருளுக்கு மட்டும் 3.40-க்கு இணைகிறேன்” என்று எழுதி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். கூட்டத்தைக் கூட்டியவர் பதினான்கு பேரை அழைத்திருந்தார். அவர் பார்த்தது, பட்டியலில் என் பெயருக்கு நேரே ‘சம்மதம்’ என்று இருந்ததை மட்டும்தான். என் குறிப்பு அவருடைய மின்னஞ்சலில் மற்றப் பதில்களோடு கிடந்தது. அவர் திறக்கவே இல்லை. அன்று முதல் இரண்டு பொருள்களும் பத்தே நிமிடத்தில் முடிந்துவிட்டன. நான் 3.40-க்கு நுழைந்தபோது நான்காவது ஓடிக்கொண்டிருந்தது. “வருவதாகச் சொன்னீர்கள், காணோமே என்று பார்த்தோம். பரிசோதனைக்கு இரண்டு வாரம் போதும் என்று முடிவு செய்துவிட்டோம்” என்றார்கள். எனக்கு மூன்று வாரம் தேவைப்பட்டது.

அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியவில்லை. காலண்டர் செயலிகள் அழைப்புகளைப் பரிமாறிக்கொள்வதற்கு 2009-இல் வெளியான RFC 5545 என்று ஒரு பொது வரையறை இருக்கிறது. ஒரு நிகழ்வுக்கு அழைக்கப்பட்டவரின் பதிலை அதில் இப்படித்தான் குறிக்க முடியும்:

```
PARTSTAT=NEEDS-ACTION
PARTSTAT=ACCEPTED
PARTSTAT=DECLINED
PARTSTAT=TENTATIVE
PARTSTAT=DELEGATED
```

இன்னும் பதில் இல்லை, சம்மதம், மறுப்பு, உறுதியில்லை, வேறொருவரை அனுப்புகிறேன். அவ்வளவுதான். ‘பாதி வருகிறேன்’ என்பதற்கு இங்கே இடம் இல்லை. நீங்கள் எழுதும் குறிப்பு பதிலோடு ஒட்டிக்கொண்டு போகும், ஆனால் எண்ணிக்கையில் சேராது. பொத்தான் சொல்வது ஒன்று, குறிப்பு சொல்வது ஒன்று என்றால் பொத்தான்தான் கணக்கில் வரும்.

அப்படியானால் TENTATIVE கொடுத்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் சில காலம் அந்தப் பழக்கம் இருந்தது. கூட்டுகிறவர் அதை ‘வந்தாலும் வரலாம்’ என்றுதான் படிப்பார். உங்களை நம்பி ஒரு பொருளை வைக்க மாட்டார். அல்லது வருவீர்களா இல்லையா என்று மறுபடி கேட்டு எழுதுவார். உங்களுக்கோ சந்தேகமே இல்லை. எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போவீர்கள் என்பது தெளிவாகத் தெரியும். சந்தேகம் இல்லாத இடத்தில் சந்தேகக்குறி போட வேண்டாம்.

ஆகவே சம்மதத்தை அழுத்துங்கள். நிபந்தனையைக் கூட்டியவருக்கு மட்டும் தனிச் செய்தியாக, அன்றைக்கே அனுப்புங்கள். கூட்டத்துக்கு முந்தைய இரவு அனுப்பினால் அதற்குள் அவர் நேரத்தைப் பிரித்து, மற்றவர்களிடமும் சொல்லியிருப்பார். உங்கள் நிலைமைக்கு நான் எழுதுவதானால் இப்படி எழுதுவேன்:

“வணக்கம். வியாழன் கூட்டத்துக்கு வருகிறேன். முன்பே ஒப்புக்கொண்ட ஓர் அழைப்பு 4 மணிக்கு இருப்பதால் 3.55-க்குக் கிளம்ப வேண்டியிருக்கும். பரிசோதனைக் காலம் பற்றிய மூன்றாவது பொருளை முதலில் எடுத்துக்கொள்ள முடியுமா? வரிசையை மாற்றுவது சிரமம் என்றால் என் கருத்தைப் புதன் மாலைக்குள் எழுதித் தந்துவிடுகிறேன்; நான் போன பிறகு அந்தப் பேச்சு வந்தால் அதை வைத்துப் பேசலாம். மற்ற நான்கிலும் எனக்காகக் காத்திருக்க வேண்டாம். எனக்கு ஏதாவது வேலை ஒதுக்குவதாக இருந்தால் மட்டும் முடிவு செய்வதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.”

இதில் சில சொற்களை வேண்டுமென்றே போட்டிருக்கிறேன். ‘கொஞ்சம் முன்னால் கிளம்புவேன்’ என்று எழுதினால் ஒருவர் ஐந்து நிமிடம் என்று நினைப்பார், இன்னொருவர் அரை மணி என்று நினைப்பார். 3.55 என்றால் எல்லோருக்கும் 3.55. காரணம் ஒரு வரியில் முடிந்துவிட வேண்டும். ‘வேறு வேலை இருக்கிறது’ என்பது உங்கள் கூட்டம் எனக்கு வேலையே இல்லை என்பதுபோல ஒலிக்கும். காரணத்தை மூன்று வரி விவரித்தாலோ, மன்னிப்புக் கேட்கிற தொனி வந்துவிடும். எதிரே இருப்பவர் அந்தக் காரணத்தை எடைபோடத் தொடங்கிவிடுவார். ‘முன்பே ஒப்புக்கொண்ட’ என்ற இரண்டு சொற்களே போதும், அது உண்மையாக இருந்தால்.

கடைசி இரண்டு வாக்கியங்களும் பட்டறிவில் வந்தவை. முன்பெல்லாம் அந்த இடத்தில், “மற்றப் பொருள்களில் எனக்கு ஆட்சேபம் இல்லை” என்று பெருந்தன்மையாக எழுதிக்கொண்டிருந்தேன். அது கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை. பல கூட்டங்களில் யார் எதைச் செய்வது என்பது கடைசிப் பத்து நிமிடத்தில்தான் முடிவாகும். அப்போது இல்லாதவர் பெயரில் எழுதுவதுதான் இருப்பவர்கள் எல்லோருக்கும் எளிது.

ஏன் முதலில் வைக்கச் சொல்கிறேன்? ஒரு கூட்டத்தில் ஓரளவு நம்பக்கூடிய நேரம் அதன் தொடக்க நேரம் ஒன்றுதான். இரண்டாவது பொருள் எப்போது தொடங்கும் என்பது முதலாவதன் கையில் இருக்கிறது. மூன்றாவது, முன்னுள்ள இரண்டின் கையில். உங்கள் நிரலில் ஒவ்வொன்றுக்கும் பதினெட்டு நிமிடம் என்று வகுத்தால் மூன்றாவது 3.36-க்குத் தொடங்கி 3.54-க்கு முடியும். கிளம்புவதற்கு ஒரே ஒரு நிமிடம்தான் மீதி. முதல் இரண்டில் ஏதாவது ஒன்று பத்து நிமிடம் இழுத்தால் போதும், உங்கள் பொருளின் முக்கியமான பாதியில் நீங்கள் எழுந்து போக வேண்டியிருக்கும். கூட்டம் சுறுசுறுப்பாக நடந்தாலோ எனக்கு நேர்ந்தது நேரும். கடைசியில் வைக்கச் சொல்வது இதையெல்லாம்விட மோசம். நேரம் போதாமல் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளப்படுவது பெரும்பாலும் கடைசிப் பொருள்தான்.

வரிசையை மாற்ற முடியாது என்று பதில் வந்தால், அதற்கு நேரம் குறிக்கச் சொல்லிக் கேட்கலாம். ‘மூன்றாவது பொருள் 3.30-க்கு, அதற்கு முன் வேறு எதுவும் முடியாவிட்டாலும்’ என்று நிரலிலேயே போட்டுவிட வேண்டும். நிரலில் அச்சாகாத வாக்குறுதிக்கு அந்த அறையில் மதிப்பு இல்லை. இணையவழிக் கூட்டமென்றால் இன்னொரு வழியும் உண்டு: உள்ளே இருக்கும் ஒருவரிடம், முந்தைய பொருள் முடியப்போகும்போது உங்களுக்குச் செய்தி அனுப்பச் சொல்வது. அவர் கூட்டியவராக இருக்கக் கூடாது. அவர் பேச்சை நடத்திக்கொண்டிருப்பார், மறந்துவிடுவார். சக ஊழியர் ஒருவரிடம் பெயர் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதன் மாலை அனுப்புவதாகச் சொன்ன கருத்தைப் பக்கம் பக்கமாக எழுதாதீர்கள். நீங்கள் இல்லாத அறையில் யாரோ ஒருவர் அதை வாய்விட்டுப் படிக்கப்போகிறார். எனக்கு நேர்ந்ததையே எடுத்துக்கொண்டால் நான் எழுதியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: “பரிசோதனைக்கு மூன்று வாரம் வேண்டும். பழைய தரவுகளைச் சரிபார்ப்பதை விட்டுவிட்டால் இரண்டரை வாரத்தில் முடியும். அதற்குக் கீழே போவதாக இருந்தால் என்னோடு பேசிவிட்டு முடிவெடுங்கள்.” வேண்டியது, இறங்கி வரக்கூடிய எல்லை, தாண்டக் கூடாத எல்லை. நடு வாக்கியத்தை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அது இல்லையென்றால் பேரம் பேச ஆள் இல்லை என்று நினைத்து உங்கள் கருத்தை ஒதுக்கிவிடுவார்கள்.

கூட்டியவர் உங்கள் மேலதிகாரி என்றால் தொனியை மாற்றிக்கொள்ள வேண்டும். சக ஊழியரிடம் ‘3.55-க்குக் கிளம்ப வேண்டியிருக்கும்’ என்று தெரிவிக்கலாம். மேலதிகாரியிடம், ‘4 மணிக்கு இன்னொரு அழைப்பு இருக்கிறது, 3.55-க்குக் கிளம்பட்டுமா, இல்லை அதைத் தள்ளிவைக்கட்டுமா?’ என்று கேட்பது நல்லது. எது முக்கியம் என்று அவரே சொல்லட்டும். சிலசமயம் ‘நீங்கள் வரவே வேண்டாம், எழுதி மட்டும் கொடுங்கள்’ என்று பதில் வரும். அதைவிட நல்ல செய்தி உண்டா?

நிபந்தனையோடு சம்மதிக்கவே கூடாத கூட்டங்களும் இருக்கின்றன. குறைந்தபட்ச வருகை எண்ணிக்கை வேண்டிய குழு என்றால், நீங்கள் எழுந்து போவதால் எண்ணிக்கை குறைந்து, அதன் பிறகு எடுக்கும் முடிவுகளே செல்லாமல் போகலாம். அதைக் கூட்டியவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நான்கைந்து பேர் மட்டுமே உள்ள கூட்டத்தில் ஒருவர் பாதியில் போனால் மீதிக் கூட்டம் கலைந்தது போலத்தான். அங்கே வேறு நேரம் கேட்பதே மரியாதை. பதினான்கு பேர் கூட்டத்தில் உங்களுக்கு வேண்டியது பதினைந்து நிமிடம்தான், அதையும் இருவரோடு பேசினால் போதும் என்றால் Decline கொடுத்துவிட்டு அந்த இருவரையும் தனியாகச் சந்தியுங்கள்.

ஒரு சின்ன விஷயம், பலர் கவனிப்பதில்லை. நீங்கள் சம்மதித்ததும் உங்கள் காலண்டரில் 3 முதல் 4.30 வரை முழுவதும் அடைபட்டுவிடும். உங்கள் பிரதியில் நேரத்தைச் சுருக்கிப் பயனில்லை. கூட்டியவர் ஏதாவது திருத்தம் அனுப்பினால் பழையபடி விரிந்துவிடும். அந்தக் கூட்டத்தை உங்கள் பக்கத்தில் Free என்று மாற்றிவிட்டு, 3 முதல் 3.55 வரை சொந்தமாக ஒரு பதிவு போட்டுக்கொள்ளுங்கள். இது வாராவாரம் வரும் கூட்டம் என்றால் பதில் அனுப்பும்போது அந்த ஒரு நாளுக்கா, தொடர் முழுவதற்குமா என்று பார்த்து அனுப்புங்கள்.

அன்றைக்குக் கூட்டம் தொடங்கும்போது, “3.55-க்குக் கிளம்புகிறேன்” என்று எல்லோர் காதிலும் விழும்படி ஒருமுறை சொல்லிவிடுங்கள். 3.45 வரை உங்கள் பொருள் வரவில்லை என்றால், ஓடிக்கொண்டிருக்கும் பேச்சில் ஓர் இடைவெளி பார்த்து, “எனக்குப் பத்து நிமிடம் இருக்கிறது, மூன்றாவதை இப்போது எடுக்கலாமா?” என்று கேளுங்கள். மறுத்தால் எழுதிக் கொடுத்தது இருக்கிறது. 3.55-க்கு மறுபடி விடைபெற வேண்டியதில்லை. ஒலிவாங்கியை அணைத்துவிட்டு வெளியேறுங்கள். நேரில் என்றால் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் முதலிலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள்.