பன்னிரண்டு பேர், மூன்று அணி: 34650ஆ, 5775ஆ?

"12 பேரை நான்கு நான்கு பேராக மூன்று அணியாகப் பிரிக்க 12C4 × 8C4 × 4C4 போட்டேன், 34650 வருது. புத்தகத்தில் 5775. எங்கே தப்பு?"

பெருக்கல் சரிதான், ஆனால் அது முதல் அணி, இரண்டாம் அணி என்று பெயர் ஒட்டி எண்ணுகிறது, அதனால் ஒரே பிரிப்பு அணிகள் இடம் மாறி 3! = 6 தடவை வந்துவிடும். 34650 ÷ 6 = 5775.

நம்பிக்கை வரவில்லையா, வகுக்காமலே பாருங்க. யாராவது ஒருவரைப் பிடித்து அவருக்கு மூன்று கூட்டாளிகள் தேடினால் 11C3 = 165 வழி; மீதி எட்டுப் பேரில் பட்டியலில் முதலில் நிற்பவருக்கு 7C3 = 35; கடைசி நால்வர் தானாகவே ஓர் அணி. 165 × 35, அதே 5775.

அப்புறம், எப்போதும் 6ஆல் வகுக்காதீங்க. 5, 5, 2 என்று பிரித்தால் சம அளவுள்ள இரண்டு மட்டுமே இடம் மாறும், 2ஆல் வகுத்தால் போதும். 5, 4, 3 என்றால் அளவே அடையாளம், வகுக்கவே வேண்டாம்.