இரண்டு ‘கு’வும் ஒரு மகமும்

மதிப்பிற்குரிய ஐயா,

என் கொள்ளுத்தாத்தா பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக் கூத்துமாடங்களில் கம்பராமாயணப் பாட்டுப் பாடித் தோல்பாவைக் கூத்து நடத்திய புலவர். அவருக்கு நினைவு மலர் கொண்டுவருகிறோம். மலையாள எழுத்தில் இருக்கும் அவருடைய ஜாதக ஓலை அண்ணன் வீட்டில் இருக்கிறது. பெரியப்பா அதைத் தமிழில் எடுத்து எழுதிய தாள் என்னிடம் உள்ளது. ஆண்டு எண் இருந்த இடத்தைப் பூச்சி அரித்துவிட்டது. தாளில் உள்ளது இவ்வளவுதான்: “விஷு, ஆனி மாதம், வியாழக்கிழமை ராத்திரி, மகம், உதயாதி நாழிகை 51, மேஷ லக்னம், கேது தசை இருப்பு வருஷம் 5 மாதம் 3.” கட்டத்தில் மேஷத்தில் ல, கு, கு, ம, ரிஷபத்தில் சி, மிதுனத்தில் ர, சிம்மத்தில் ச, விருச்சிகத்தில் ஸ. மற்றவை தெளிவாக இல்லை.

விஷு என்றிருப்பதால் சித்திரை விஷுவன்றுதான் வீட்டில் அவர் பிறந்தநாளைக் கொண்டாடி வருகிறோம். 1920 வாக்கில் காலமானபோது அவருக்கு நூறு வயது என்பார் பெரியப்பா. நாற்பதுகூட ஆகவில்லை என்பாள் அத்தை. சனி சிம்மத்தில், குரு மேஷத்தில் என்று வைத்துத் தேடினேன். வந்த ஆண்டுகள் எதுவும் ஒட்டவில்லை. ‘கு’ ஏன் இரண்டு முறை வருகிறது என்றும் புரியவில்லை. மலரில் எந்தத் தேதியைப் போடுவது?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பெரியப்பா பிழையாக எழுதவில்லை. மலையாள எழுத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்ததில்தான் சிக்கல். மலையாள ஜாதகத்தில் செவ்வாய்க்குக் குஜன் என்று பெயர், அதற்கு முதலெழுத்தைப் போடுவார்கள். வியாழனுக்குக் குரு. மலையாளத்தில் அந்த இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து. கண்ணால் பார்த்தாலே தெரியும். தமிழில் இரண்டும் ‘கு’ ஆகிவிட்டன. ஆகவே மேஷத்தில் இருப்பது குருவும் செவ்வாயும். ‘ம’ என்பது மந்தன், அதாவது சனி. ‘ச’ சந்திரன். ‘ஸ’ சர்ப்பம், நம் ராகு. ‘சி’ சிகி, நம் கேது. ‘ர’ ரவி. தமிழ்ப் பழக்கத்தில் ‘ச’வைச் சனி என்று படித்துவிட்டீர்கள், அதனால்தான் தேடல் வழிதவறியது. மகம் முழுவதும் சிம்ம ராசியில்தான் இருக்கிறது. மகத்தில் பிறந்தவருக்குச் சந்திரன் சிம்மத்தில் இருந்தாக வேண்டும் என்று யோசித்திருந்தாலே பிடிபட்டிருக்கும்.

இப்போது விஷு. எல்லைப் பக்கத்தில் வாழ்வதால் வரும் மயக்கம் இது. பாலக்காட்டுக்காரர் காதில் விஷு என்றால் கணி காணும் நாள். தமிழ்ப் பஞ்சாங்கத்தின் அறுபது வருஷப் பெயர்களில் விஷு பதினைந்தாவது. ஓலையிலேயே ஆனி என்று இருக்கிறது, சூரியனும் மிதுனத்தில் இருக்கிறார். கணி காணும் நாளில் அவர் மேஷத்தில் அல்லவா இருக்க வேண்டும்? பல ஆண்டுகளாக வீட்டில் வைத்த பாயசம் வீண் என்று சொல்லமாட்டேன், நாள்தான் வேறு.

விஷு வருஷம் 1821இலும் 1881இலும் தொடங்கியது. பெரியப்பாவின் நூறு வயதும் அத்தையின் நாற்பதும் இந்த இரண்டிலிருந்தே வந்தவை என்று நினைக்கிறேன். ஒரே பெயர், அறுபது ஆண்டு இடைவெளி.

இந்த இடத்தில் பலரும் குருவையும் சனியையும் பார்த்து முடிவு கட்டுவார்கள். அது போதாது. குரு ஏறக்குறைய 12 ஆண்டுகளில் ஒரு சுற்று வருகிறார், சனி ஏறக்குறைய 30 ஆண்டுகளில். அறுபது ஆண்டில் ஒருவர் ஐந்து சுற்றும் மற்றவர் இரண்டு சுற்றும் முடித்துப் பழைய இடத்துக்கே வந்து நிற்பார்கள். 1821 ஜூனில் இருவரும் மேஷத்தில் சேர்ந்தார்கள், 1881 ஏப்ரலிலும் மேஷத்திலேயே சேர்ந்தார்கள். உங்கள் கட்டத்தின் மேஷத்தில் உள்ள குருவும் சனியும் இரண்டு ஆண்டுக்கும் அழகாகப் பொருந்துவார்கள். அந்தப் பொருத்தத்தை நம்பி ஒருவர் 1821 என்று கல்வெட்டே வைத்துவிடலாம்.

காட்டிக்கொடுப்பது ராகு. அவருக்கு ஒரு சுற்றுக்கு 18.6 ஆண்டு, அதுவும் பின்னோக்கி. அறுபது ஆண்டில் மூன்று சுற்று முடித்து மேலும் ஏறக்குறைய மூன்று ராசி பின்வாங்கியிருப்பார். 1821 ஆனியில் ராகு கும்பத்தில், 1881 ஆனியில் விருச்சிகத்தில். உங்கள் ‘ஸ’ விருச்சிகத்தில் இருக்கிறது. அத்தை சொன்னதுதான் சரி.

கிழமையாலும் சரிபார்த்தேன். 1821 ஆனியில் மகம் செவ்வாய்க்கிழமைக்கு விழுகிறது. 1881 ஆனியிலும் மகம் ஒரே ஒரு முறைதான் வருகிறது: ஜூன் 30 மாலை ஏழு மணிக்குச் சற்று முன் தொடங்கி மறுநாள் இரவு வரை. ஜூன் 30 வியாழக்கிழமை, ஆனி 18. அன்று காலை உதயத்தில் ஆயில்யம். அதனால் நாட்காட்டியில் ‘அன்றைய நட்சத்திரம்’ என்று மட்டும் பார்ப்பவருக்கு ஆயில்யமே கிடைக்கும். மகம் எங்கே என்று குழம்புவார்.

நேரத்துக்கு வருவோம். உதயாதி நாழிகை என்றால் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவது. ஒரு நாழிகை 24 நிமிடம். 51 நாழிகை என்றால் 20 மணி 24 நிமிடம். அந்த நாளில் உங்கள் ஊரில் சூரிய உதயம் உள்ளூர் நேரப்படி 5.43 வாக்கில். கூட்டினால் பின்னிரவு 2.07. நம் முன்னோருக்கு நாள் என்பது உதயத்திலிருந்து உதயம் வரை, ஆகவே அது இன்னும் வியாழக்கிழமை ராத்திரிதான். ஆங்கிலக் கணக்கிலோ நள்ளிரவு தாண்டி வெள்ளிக்கிழமை, ஜூலை 1 ஆகிவிட்டது. என் பாட்டியின் ஜாதகத்தில் இதே இடத்தில் நான் ஒரு நாள் சறுக்கி, பத்திரிகைக்கு அனுப்பிய கட்டுரையில் தவறான தேதியைப் போட்டு, பிறகு வெட்கப்பட்டேன்.

அந்த ராத்திரியில் மேஷ லக்னம் உங்கள் ஊரில் சுமார் 12.40 முதல் 2.29 வரை. 2.07 அதற்குள் அடங்குகிறது. 51 என்று முழு எண்ணாக இருப்பதால் முன்னும் பின்னும் அரை நாழிகை, அதாவது 12 நிமிடம் விட்டுப் பார்த்தேன். அப்போதும் மேஷம்தான்.

தசை இருப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கணக்குத் தெரிந்தவர்களே அங்கேதான் தடுமாறுகிறார்கள். கேது தசை மொத்தம் 7 வருஷம். அதில் 5 வருஷம் 3 மாதம் மீதி என்றால், பிறக்கும்போது மகத்தில் கால் பங்கு கழிந்திருந்தது. அந்த மகம் ஏறக்குறைய இருபத்தாறரை மணி நேரம் நீடித்தது. கால் பங்கு என்றால் 6 மணி 40 நிமிடம். இன்றைய துல்லியக் கணக்கில் மகம் தொடங்கியது மாலை 6.47 வாக்கில். கூட்டினால் 1.27 வருகிறது, 2.07 அல்ல. நாற்பது நிமிடம் குறைகிறது.

இதைப் பார்த்தவுடன் நாழிகை தப்பு என்று முடிவு செய்துவிடாதீர்கள். ஜோதிடரின் கையில் வந்து சேர்ந்தது நாழிகை. தசை இருப்பு அவர் அதிலிருந்து தம் பஞ்சாங்கத்தைக் கொண்டு வருவித்தது. பழைய வாக்கியக் கணிதத்தில் நட்சத்திரம் மாறும் நேரம் இன்றைய கணக்கிலிருந்து சில சமயம் ஒரு மணி நேரம்கூடத் தள்ளி நிற்கும். அவருடைய பஞ்சாங்கத்தில் மகம் ஏழரை மணி வாக்கில் தொடங்கியிருந்தால் எல்லாம் ஒட்டிவிடுகிறது. லக்னத்தைக் கொண்டு இதைத் தீர்க்க முடியாது, 1.27க்கும் மேஷம்தான். கொடுத்ததையும் வருவித்ததையும் எடைபோட்டால் கொடுத்த நாழிகையையே எடுப்பேன். இன்றைய மென்பொருளில் தசை இருப்பு பொருந்தும்வரை நேரத்தை முன்னும் பின்னும் தள்ளி, “நிமிட சுத்தமாகக் கண்டுபிடித்தேன்” என்று சொல்பவர்கள் உண்மையில் கண்டுபிடிப்பது இரண்டு பஞ்சாங்கங்களுக்கு இடையிலான வேறுபாட்டைத்தான்.

இன்னொன்று. நாழிகை, லக்னம், தசை மூன்றும் ஒத்துப்போனாலும் அவை மூன்று சாட்சிகள் ஆகா. மூன்றும் ஒரே வாயிலிருந்து வந்தவை: அந்த ராத்திரியில் குழந்தை அழுததும், நேரத்தைப் பார்த்தோ கணித்தோ ஜோதிடரிடம் சொன்ன யாரோ ஒருவர். அவை ஒத்துப்போவதால் ஓலையைப் படியெடுத்தவர் பிழை செய்யவில்லை என்று தெரிகிறது, அவ்வளவுதான். கிழமையும் நட்சத்திரமும் ராகுவும் அப்படியல்ல. அவை வானத்தோடு பொருந்துகின்றன. ஆகவே தேதியை நான் தயங்காமல் சொல்வேன், நேரத்துக்கு ஒரு ‘சுமார்’ போடுவேன். மலரில் “1881 ஜூலை 1, வெள்ளிக்கிழமை, பின்னிரவு சுமார் 2 மணி (விஷு வருஷம் ஆனி 18 வியாழன் இரவு, மகம்)” என்று அச்சிடுங்கள்.

மென்பொருளில் போட்டுப் பார்ப்பதாக இருந்தால் 2.07ஐ அப்படியே தட்டாதீர்கள். அது உங்கள் ஊர் சூரியனின் நேரம். இந்திய நேரம் 1906இல்தான் வந்தது, உங்கள் ஊர் நேரம் அதற்கு 23 நிமிடம் பின்தங்கும். இன்றைய இந்திய நேரத்தில் 2.30 என்று வரும். சில மென்பொருள்கள் 1881க்குத் தாமாகவே சென்னை நேரத்தை எடுத்துக்கொள்ளும், அப்போது 2.21 வாக்கில் கொடுக்க வேண்டும். எந்த நேரத்தை எடுத்திருக்கிறது என்று பார்க்காமல் விட்டால் பிழை வெளியே தெரியாது, லக்னம் மேஷமாகவே இருந்து ஏமாற்றும்.

அண்ணன் வீட்டுக்குப் போனால் ஓலையின் தலைப்பு வரியைப் பாருங்கள். கேரள ஜோதிடர்கள் பலர் கலியுகம் தொடங்கியதிலிருந்து கழிந்த நாட்களின் எண்ணிக்கையையும் எழுதி வைப்பதுண்டு, எண்ணாகவோ எழுத்துகளில் மறைத்தோ. அப்படி ஏதாவது அங்கே இருந்தால் அது 1819796 ஆக இருக்க வேண்டும். நடப்பு நாளையும் சேர்த்து எண்ணியிருந்தால் ஒன்று கூடும். கலி வெள்ளிக்கிழமையில் தொடங்கியது. இந்த எண்ணை 7ஆல் வகுத்தால் மீதி 6, வெள்ளியிலிருந்து ஆறு நாள் தள்ளி வியாழன். பூச்சி அரித்த இடம் இந்த எண்ணின் முதல் இலக்கங்களைத் தின்றிருந்தாலும் பரவாயில்லை. கடைசி நான்கு இலக்கம் 9796 என்று தெரிந்தால் போதும், ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.