காணாமற்போன பிள்ளை இப்போது எப்படி இருக்கும் என்று காட்டும் படத்தை எப்படித் தயாரிக்கிறார்கள், அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

அப்படியான படத்தில் கண்ணும் புருவமும் காதும் பெரும்பாலும் அந்தப் பிள்ளையினுடையவை. வாயும் தாடையும் பெரும்பாலும் வேறொருவரிடம் கடன் வாங்கியவை. எந்த இடம் சொந்தம், எந்த இடம் கடன் என்று தெரிந்தால்தான் படத்தை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். நான் ஹட்டனில் ஒரு சிறிய ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கிழிந்த, பூஞ்சணம் பிடித்த பழைய படங்களைத் திருத்திக் கொடுக்கும் வேலையிலிருந்து இந்த வேலைக்கு வந்தவன். செய்தவை மிகச் சில படங்கள்தான். அவற்றுள் ஒன்றை, குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை விட்டுவிட்டுச் சொல்கிறேன்.

2008ஆம் ஆண்டு ஒரு தேர்த் திருவிழாக் கூட்டத்தில் நான்கு வயதுப் பையன் ஒருவன் காணாமற்போனான். எட்டு வருடங்கள் கழித்து அவனுடைய தாய், கொழுந்து பறிக்கும் பெண், பன்னிரண்டு வயதில் அவன் எப்படி இருப்பான் என்று ஒரு படம் செய்து தரும்படி கேட்டு வந்தார். கையில் இருந்தது முன்பள்ளியில் சேர்ப்பதற்காக எடுத்த ஒரேயொரு படம். அதுவும் அடையாள அட்டைக்கு எடுப்பது போல வாயை இறுக மூடிக்கொண்டு எடுத்தது. கிட்ட நின்று எடுத்திருந்ததால் மூக்கு சற்றுப் பெருத்தும் காதுகள் பின்னுக்குப் போயும் தெரிந்தன. முதலில் இதைக் கணக்கில் எடுக்காவிட்டால், கமரா செய்த கோளாறும் பிள்ளையோடு சேர்ந்து வளர்ந்துவிடும்.

இதற்குத் தேவையானவை காணாமற்போன காலத்துப் படமும், நாம் காட்ட விரும்பும் வயதில் பெற்றோரும் சகோதரரும் எடுத்த படங்களும்தான். மலையகத்தில் இந்த இரண்டாவது வகை கிடைப்பது அரிது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒரு தகப்பனின் மிகப் பழைய படம் பல வேளைகளில் அடையாள அட்டைக்காக 16 வயதில் எடுத்ததாகவே இருக்கும். பன்னிரண்டு வயதுத் தகப்பனைப் பார்க்க வேண்டுமானால் யாராவது ஒருவரின் கலியாண அல்பத்தில், கூட்டத்தின் ஓரத்தில், விரல் நுனியளவு முகத்தைத் தேட வேண்டும். இந்தக் குடும்பத்தில் நல்லவேளையாக ஓர் அண்ணன் இருந்தான். அவனுடைய நான்கு வயதுப் படமும், பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் எடுத்த பன்னிரண்டு வயதுப் படமும் கிடைத்தன.

வேலை எப்படி நடக்கிறது என்பதற்கு முகம் வளரும் விதத்தை முதலில் சொல்ல வேண்டும். பிள்ளையின் தலை எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. மூளை இருக்கும் மேற்பகுதி ஐந்தாறு வயதுக்குள் தன் வளர்ச்சியில் பெரும்பகுதியை முடித்துவிடுகிறது. அதன் பிறகு வளர்வது பெரும்பாலும் கண்ணுக்குக் கீழே உள்ள பாகம். மூக்குத் தண்டு எழும்புகிறது, மேல்தாடை கீழ்நோக்கியும் முன்நோக்கியும் நீள்கிறது, கீழ்த்தாடை எல்லாவற்றிலும் கடைசியாக, பதின்ம வயதின் இறுதி வரைக்கும் வளர்ந்துகொண்டிருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்குக் கண் பெரிதாகவும் நெற்றி அகலமாகவும் தெரிவதற்குக் காரணம், முகத்தின் கீழ்ப்பாதி இன்னும் வளர்ந்து முடியாததே. ஆகவே நான்கு வயதுப் படத்தை மொத்தமாகப் பெருப்பித்தால் கிடைப்பது பெரிய தலையுள்ள நான்கு வயதுப் பிள்ளைதான்.

இங்கே ஒரு வசதி இருக்கிறது. கண்ணின் கருவிழி இரண்டு வயதளவிலேயே ஏறக்குறையப் பெரியவர்களின் அளவை, அதாவது 12 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த அகலத்தை, எட்டிவிடுகிறது. படத்தில் வேறு அளவுகோல் இல்லாதபோது அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். தம்பியின் படத்தில் கருவிழி 20 பிக்சல் அகலம் இருந்தது. அண்ணனின் இரண்டு படங்களையும் கருவிழி அதே 20 பிக்சல் வரும்படி பெருப்பித்தும் சுருக்கியும் வைத்துக்கொண்டேன். அண்ணனுடைய மூக்குத் தண்டின் தொடக்கத்திலிருந்து நாடி வரைக்கும் உள்ள நீளம் நான்கு வயதில் 148, பன்னிரண்டு வயதில் 180. கன்னங்களுக்கு இடையிலான அகலம் 184, பின்னர் 207. அதாவது நீளம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருக்கிறது, அகலம் எட்டில் ஒரு பங்குதான். இந்த இரண்டு விகிதங்களையும் தம்பியின் படத்துக்குக் கொடுத்து, போட்டோஷொப்பில் கண்ணுக்கு மேலே அதிகம் தொடாமல், மூக்கிலிருந்து கீழே படிப்படியாக நீட்டினேன். கண்ணை அப்படியே விட்டேன். முகம் நீண்டதும் கண் தானாகவே சிறுத்துவிட்டது.

இதுவரைக்கும் அளவு கைகொடுக்கிறது. வாய்க்கு வந்ததும் அது கைவிடுகிறது. நான்கு வயதில் இருப்பவை இருபது பாற்பற்கள். பன்னிரண்டு வயதில் அவை அனேகமாக எல்லாமே விழுந்து, அகலமான நிரந்தரப் பற்கள் வந்திருக்கும். அவை நேராக வந்தனவா, நெருக்கியடித்துக்கொண்டு வந்தனவா, முன்பல் சற்றுத் தள்ளியதா என்று பாற்பல்லைப் பார்த்து உறுதியாகச் சொல்ல வழியில்லை. ஆனால் உதடு எப்படி அமர்கிறது என்பதைப் பற்கள்தான் தீர்மானிக்கின்றன. ஆகவே படம் செய்பவர் சகோதரரின் அல்லது தாய் தகப்பனின் வாயை எடுத்துப் பொருத்தி, நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிப்படுத்திவிடுகிறார். நானும் அண்ணனின் வாயையும் தாடையையும் வைத்தேன். படத்தைத் திரையில் காட்டியபோது அந்தத் தாய் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது பெரியவன் வாயில்ல, அண்ணே?" என்று கேட்டார். ஒட்டின அடையாளம் தெரியவில்லை என்று நான் திருப்திப்பட்டுக்கொண்டிருந்த இடம் அது.

தலைமுடியும் உடையும் சிறிய விடயங்கள் போலத் தோன்றினாலும் பார்ப்பவரை எளிதாகத் திசைதிருப்பும். மகனுக்கு வெள்ளைப் பாடசாலைச் சட்டை போட்டுக் காட்டும்படி தாய் ஆசையோடு கேட்டார். நான் சாம்பல் நிற டீசேர்ட்தான் போட்டேன். வெள்ளைச் சட்டையைப் பார்க்கிறவர் பாடசாலைப் பிள்ளைகளை மட்டுமே தேடுவார். அந்தப் பையன் ஏதாவது ஒரு கடையில் தேநீர் கொடுத்துக்கொண்டும் இருக்கலாம்.

இந்தப் படத்தைச் செய்வதற்கு முன்பே என் கணிப்பை ஒரு தடவை பரீட்சித்துப் பார்த்திருந்தேன். அண்ணனின் பன்னிரண்டு வயதுப் படத்தை உறையிலிருந்து எடுக்காமலே, அவனுடைய நான்கு வயதுப் படத்தையும் பெற்றோரின் படங்களையும் மட்டும் கொண்டு அவனுக்கு ஒரு பன்னிரண்டு வயது முகத்தை உருவாக்கினேன். பிறகு உறையைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். புருவமும் கண்ணும் காதும் சரியாக இருந்தன. தாடையில் முழுத் தவறு: தகப்பனின் சதுரத் தாடையைக் கொடுத்திருந்தேன், பையனுக்கோ தாயின் கூரிய நாடி. கன்னத்தையும் அதிகம் நிரப்பிவிட்டேன். அவன் ஒடிசலான பையன். அவனைத் தெரியாத ஐந்து பேரிடம், பெற்றோரின் சம்மதத்தோடு எடுத்த அதே வயதுப் பையன்கள் ஆறு பேரின் படங்களை வைத்து, நான் செய்த முகம் இவர்களில் யார் என்று கேட்டேன். இரண்டு பேர் சரியாகச் சொன்னார்கள். மற்ற மூவரும், சதுரத் தாடையுள்ள வேறொரு பையனை உறுதியாகக் காட்டினார்கள்.

என்னுடையது ஒரு கடைக்காரனின் பரீட்சைதான். இதையே முறையாகச் செய்து பார்த்த உளவியலாளர்களுக்கும் கிடைத்தது உற்சாகமான முடிவல்ல. அமெரிக்காவில் சார்மன், கரோல் என்ற இருவர் 2012இல் வெளியிட்ட ஆய்வு, வயது கூட்டிய படம் பிள்ளையை இனங்காண்பதைக் கெடுக்கவும் கூடும் என்கிறது. பொருந்தக்கூடிய முகங்களின் எண்ணிக்கையை அது கூட்டிவிடுவதே காரணமாம். எனக்கு இது விளங்குகிறது. பிள்ளையின் சொந்தப் படத்தில் அந்தப் பிள்ளை மட்டுமே இருக்கிறது. அளவும் கடனும் கலந்து நான் செய்த முகம் சற்றுப் பொதுவானது, ஆகையால் பலருக்கும் பொருந்துகிறது. ஒரே பிள்ளையின் படத்தைப் பல கலைஞர்களிடம் கொடுத்தால் ஒன்றுக்கொன்று வேறான முகங்களே வரும் என்றும், அவற்றைக் கலந்து சராசரி எடுத்தால் உண்மை முகத்துக்குச் சற்றுக் கிட்டும் என்றும் லாம்பினன் என்ற ஆய்வாளரின் குழு பின்னர் எழுதியது. ஹட்டனில் பல கலைஞர்களுக்கு நான் எங்கே போவது?

படத்தை ஒட்டிச் சில மாதங்களில் கொழும்பு புறக்கோட்டையிலிருந்து ஒருவர் அழைத்தார். ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும் பையன் அச்சு அசல் படத்தில் உள்ளவன் போலவே இருக்கிறான் என்றார். தாய் அன்றிரவே பஸ் ஏறத் தயாராகிவிட்டார். நான் அழைத்தவரிடம், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். வாய், சிரிப்பு, நாடி என்றார். மூன்றும் நான் அண்ணனிடமிருந்து எடுத்து வைத்தவை. காணாமற்போன பையனின் இடது காது மடல் கன்னத்தோடு ஒட்டியிருக்கும், வலது புருவத்தின் வெளி ஓரத்தில் ஒரு தழும்பு முடியைப் பிரிக்கும். இவை வளர்ச்சியில் இழுபடுமே தவிர மறைவதில்லை. அவரைக் காதைப் பார்க்கச் சொன்னேன். அடுத்த நாள் காலையில், மடல் தொங்குகிறது, புருவத்தில் ஒன்றுமில்லை என்று பதில் வந்தது.

அந்த இரண்டும் பொருந்தியிருந்தாலும்கூட அதோடு விடயம் முடிந்திருக்காது. 2004 சுனாமிக்குப் பிறகு கல்முனை ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு கைக்குழந்தையை எத்தனையோ பேர் தங்களுடையது என்று அடையாளம் கண்டதாகச் செய்திகள் வந்தது பலருக்கு நினைவிருக்கும். அங்கே முகத்தைப் பார்த்து யாராலும் தீர்க்க முடியவில்லை. 2005 பெப்ரவரியில் மரபணுப் பரிசோதனைதான் பெற்றோரைச் சொன்னது. இப்படியான படம் செய்யக்கூடியதெல்லாம், யாரைப் பரிசோதிக்கலாம் என்று ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான்.

அமெரிக்காவில் இந்த வேலையைச் செய்யும் தேசிய நிலையம் 18 வயது வரைக்கும் ஏறத்தாழ இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையும், அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு தடவையும் படத்தைப் புதுப்பிக்கிறது. பதின்ம வயதில் தாடை ஓடும் வேகத்தைப் பார்த்தால் இரண்டு வருடமே கொஞ்சம் நீளம்தான். எங்கள் பையனுக்கு 18 வயது வந்தபோது தாய் மறுபடியும் வந்தார். இம்முறை நான்கு வயதுப் படத்தை மேலேயும் பெரிதாகவும், செய்த படத்தைக் கீழேயும் சிறிதாகவும் அச்சிட்டேன். காதையும் புருவத்தையும் தனியாக வெட்டிப் பெருப்பித்து ஓரத்தில் வைத்து, "இவை பிள்ளையின் சொந்தப் படத்திலிருந்து எடுத்தவை" என்று எழுதினேன். தாடைக்கு நேரே "இது ஊகம்" என்று எழுதியதைப் பார்த்து அவர், அதையும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடச் சொன்னார்.