சிங்கத்தலைப் பிடி வைத்த பழைய வாள்: எதைப் பார்த்து மதிப்பிடுவது?

"அம்மப்பா வீட்டில் சிங்கத்தலைப் பிடியும் ஒல்லாந்தர் முத்திரையும் உள்ள வாள் ஒன்று இருக்கிறது. முழுக்கப் பழையதா?"

இதைக் கஸ்தானே என்பார்கள்: குட்டையான, லேசாக வளைந்த இலங்கை வாள். பிடி உள்ளூர்க் கம்மாளர் வேலை, அலகு பல வேளைகளில் ஐரோப்பாவிலிருந்து வந்தது. நல்ல உருக்கு கப்பலில் கிடைத்ததால் அதற்கு இங்கே பிடி போட்டார்கள். மண்வெட்டி இரும்பு ஒருவரிடம், பிடி இன்னொருவரிடம் வாங்குவது போலத்தான். ஆகவே இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

முதலில் அலகும் பிடியும் சேருமிடம். பழைய பொருத்தில் கறுப்பும் அழுக்கும் இரண்டின் மேலும் ஒரே சீராகப் படிந்திருக்கும். அங்கே பளபளக்கும் ஈயப்பற்றோ பிசினோ தெரிந்தால் பிற்காலத்தில் கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் முத்திரை. மட்டக்களப்பில் நான் பார்த்த ஒரு வாளில் எழுத்துக் கோடு துருக்குழிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது, உள்ளே வெள்ளையாக மின்னியது. துருப் பிடித்த பிறகு கீறியது அது. வெள்ளித் தகடும் சிங்கத்தின் வேலையும் மட்டும் உண்மையிலேயே பழையவை. அந்தப் போலி முத்திரையைக் கண்டபோது மனம் வலித்தது, பிடியே போதுமான அழகு.

தயவுசெய்து அலகைத் தேய்த்து மினுக்க வேண்டாம், இந்தத் தடயங்கள் எல்லாம் போய்விடும்.

முத்திரையிலுள்ள ஆண்டுதான் வாளின் வயது என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையான முத்திரையானாலும் அலகின் வயதை மட்டுமே சொல்லும்.