பதினெட்டா, இருபத்துநாலா?

போன ஞாயிற்றுக்கிழமை சோமனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா, அம்மா, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பெண், கூடவே அவளுடைய தாய்மாமன். அப்பா எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு ஓட்டுகிறவர். பேச்சை ஆரம்பித்தது மாமன்தான்.

"ஏனுங்க, ஒறம்பரையில இருக்கற பிள்ளைக அத்தனையும் கம்ப்யூட்டர் இஞ்சினியரிங்குங்க. இவ மட்டும் கணக்குத்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. அந்தக் கணக்கையாவது ஒழுங்காப் போடறாளா? பாருங்க இதை."

மாதிரித் தேர்வுத் தாள் ஒன்றை மேசையில் போட்டார். பயிற்சி வகுப்பில் வைத்த தேர்வு. ஒரு கேள்வியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்: 5 × 10 × 15 × … × 100 என்ற பெருக்கலின் விடை எத்தனை பூச்சியங்களில் முடியும்? பெண் எழுதியது 18. விடைக்குறிப்பில் 24. அதனால் மைனஸ் மார்க்.

முதல் பத்து நிமிடம் நானும் எல்லோரையும் போல ஆறுதல்தான் சொன்னேன். எந்தப் படிப்பும் நல்ல படிப்புத்தான், பிள்ளை கெட்டிக்காரி, பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்தத் தாளைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகு அப்படிப் பேச மனம் வரவில்லை. தப்பு பெண்ணிடம் இல்லை, விடைக்குறிப்பில் இருந்தது.

"இதை எப்படிப் போட்ட, அம்மிணி?" என்று கேட்டேன். மாமனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தாள்.

கடைசியில் ஒரு பூச்சியம் வர வேண்டுமானால் ஒரு 10 வேண்டும். 10 என்பது ஒரு 2, ஒரு 5. ஆகவே பெருக்கலுக்குள் எத்தனை 2 இருக்கிறது, எத்தனை 5 இருக்கிறது என்று எண்ணி, இரண்டில் எது குறைவோ அதுதான் விடை. பயிற்சி வகுப்புகளில் இதைச் சுருக்கி, "ஐந்துகளை மட்டும் எண்ணு, போதும்" என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். 100!க்கு, அதாவது 1 முதல் 100 வரை எல்லா எண்களையும் பெருக்கினால், அது சரி. 100ஐ 5ஆல் வகுத்தால் 20. அந்த 20ஐ மறுபடி 5ஆல் வகுத்தால் 4. கூட்டினால் 24. இரண்டாவது தடவை வகுப்பது எதற்கென்றால் 25, 50, 75, 100 ஆகிய நான்கும் ஆளுக்கு இரண்டு ஐந்து வைத்திருக்கின்றன. இரண்டுகளையும் இதே போல எண்ணினால் 50, 25, 12, 6, 3, 1, மொத்தம் 97. இரண்டுக்குப் பஞ்சமே இல்லை. அதனால்தான் யாரும் அதை எண்ணுவதில்லை.

இந்தக் கேள்வியில் இருப்பது 5இன் மடங்குகள் இருபது மட்டும். 100!இல் இருந்த அதே 24 ஐந்துகள் இங்கேயும் இருக்கின்றன, ஏனென்றால் ஐந்துகள் எல்லாமே இந்த இருபது எண்களிலிருந்துதான் வந்தன. இரண்டுகளைக் கொண்டுவந்த மற்ற எண்களைத்தான் காணோம். ஒவ்வொரு எண்ணிலிருந்தும் ஒரு 5ஐ வெளியே எடுத்துவிட்டால் மிஞ்சுவது 1 × 2 × 3 × … × 20. அதாவது மொத்தப் பெருக்கல் 5²⁰ × 20!. இரண்டுகள் 20!க்குள் மட்டும்தான்: 10, 5, 2, 1 என்று கூட்டினால் 18. பதினெட்டு 2, இருபத்துநாலு 5. ஜோடி சேர்வது பதினெட்டுத்தான். மிச்சம் ஆறு ஐந்துகள் ஜோடி இல்லாமல் நிற்கும்.

மாமன் நம்பவில்லை. "விடைக்குறிப்பு போட்டவங்க தப்பாப் போடுவாங்களா?" என்றார். சிறியதாக ஒன்று போட்டுப் பார்க்கச் சொன்னேன். 5 × 10 × 15 × 20 × 25. அவரே கைப்பேசியைத் தட்டினார்: 50, 750, 15000, 375000. மூன்று பூச்சியம். ஐந்துகளை மட்டும் எண்ணியிருந்தால் 6 என்று வந்திருக்கும். கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், அதன்பின் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்பாவுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. குறிப்பு 24 என்கிறபோது 18தான் சரி என்று நிற்கிற பிள்ளை, மார்க் போனாலும் தன் வழியை மாற்றாத பிள்ளை, கணக்கு கேட்பதை அடம் என்று சொல்லக்கூடாது.

அவளை மேதை என்றும் நான் சொல்ல மாட்டேன். அவளுடைய நோட்டில் அதே எண்ணுக்கு அடுத்த கணக்கையும் போட்டிருந்தாள், இந்தப் பெருக்கலின் விடைக்கு மொத்தம் எத்தனை காரணிகள் என்று. அது 33 இலக்க எண். ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க ஆயுசு போதாது. பகா காரணிகளாகப் பிரித்துவிட்டால் ஐந்து நிமிட வேலை. 5²⁰க்குக் காரணிகள் 21, 20!க்கு 41040, இரண்டையும் பெருக்கி 8,61,840 என்று எழுதிக் கீழே கோடு போட்டிருந்தாள். இது தப்பு.

தப்பு என்று நான் சொல்லவில்லை. "375000க்கு இதையே போட்டுப் பாரு கண்ணு" என்று மட்டும் சொன்னேன். 375000 என்பது 5⁵ × 5!. 5⁵க்குக் காரணிகள் 6, 120க்கு 16. அவள் வழியில் 96 வர வேண்டும். வெளித்திண்ணையில் போய் உட்கார்ந்தாள். நாங்கள் உள்ளே பணத்தைப் பற்றிப் பேசினோம்.

நிர்வாகக் கோட்டாவில் இடம் பேசி முடித்துவிட்டார்கள். நாலு வருஷத்துக்கும் சேர்த்து 12 லட்சம். நூற்றுக்கு ஒண்ணரை வட்டி. மாதம் 18,000 ரூபாய் வட்டி மட்டும், அசல் அப்படியே நிற்கும். நூல் விலை ஏறினால் தறி நிற்கும், கூலி உயர்வுப் பேச்சு இழுத்தாலும் தறி நிற்கும், வட்டி நிற்காது. விருப்பம் இல்லாத ஒரு படிப்புக்கு எட்டுத் தறியையும் ஈடு வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். அம்மாதான் முதலில் தலையாட்டினார்.

கால் மணி நேரத்தில் பெண் உள்ளே வந்தாள். "96 இல்லீங்க, 56." திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதியே பார்த்துவிட்டாள். ஏன் என்பதையும் பிடித்திருந்தாள். 5⁵இலும் 5 இருக்கிறது, 120க்குள்ளும் ஒரு 5 இருக்கிறது. 5⁵இலிருந்து ஒரு 5ஐ எடுத்தாலும் 120இலிருந்து ஒரு 5ஐ எடுத்தாலும் கிடைப்பது ஒரே காரணி, ஆனால் பெருக்கும்போது அது இரண்டு தடவை எண்ணப்படுகிறது. இரு எண்களுக்கும் பொதுவான பகா காரணி இல்லாவிட்டால்தான் காரணி எண்ணிக்கைகளைப் பெருக்கலாம். ஆகவே முதலில் ஐந்துகளை ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும்: 2³ × 3 × 5⁶. ஒரு காரணியை உண்டாக்க, 2ஐ எடுக்காமல் விடலாம், ஒன்று, இரண்டு அல்லது மூன்று எடுக்கலாம், நான்கு வழி. எடுக்காமல் விடுவதும் ஒரு வழி என்பதால்தான் அடுக்கோடு 1 கூட்டுகிறோம். 3க்கு இரண்டு வழி, 5க்கு ஏழு. 4 × 2 × 7 = 56.

பெரிய எண்ணையும் அங்கேயே முடித்தாள். 2¹⁸ × 3⁸ × 5²⁴ × 7² × 11 × 13 × 17 × 19. அடுக்குகளோடு ஒவ்வொன்று கூட்டிப் பெருக்கினால் 19 × 9 × 25 × 3 × 2 × 2 × 2 × 2 = 2,05,200. பழைய விடையைக் குறுக்காக அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினாள்.

"இதுக்கெல்லாம் என்னங்க வேலை கிடைக்கும்?" மாமன் விடுவதாக இல்லை. கேள்வி நியாயமானதுதான். இந்த 33 இலக்க எண்ணைப் பிரிப்பது சுலபம், ஏனென்றால் சின்னச் சின்ன எண்களைப் பெருக்கி உண்டானது. பெரிய பகா எண்கள் இரண்டை மட்டும் பெருக்கி, சில நூறு இலக்கத்தில் ஒரு எண்ணைக் கொடுத்தால் அதைப் பிரிக்கச் சுலபமான வழி இல்லை. 1977இல் வந்த ஆர்.எஸ்.ஏ. பூட்டு முறை அந்தக் கஷ்டத்தின் மேல்தான் நிற்கிறது. இணையத்தில் விவரங்களைப் பூட்டி அனுப்ப நெடுங்காலமாகப் பயன்படும் முறைகளில் அதுவும் ஒன்று. அந்தப் பூட்டுகளைச் செய்கிறவர்களும் சோதிக்கிறவர்களும் கணக்குப் படித்தவர்கள்.

பொறியியல், வங்கித் தேர்வு, ஆசிரியர் பயிற்சி எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். நம் பக்கம் அதிகம் பேர் எட்டிப் பார்க்காத ஒரு வழி உண்டு. சிறுசேரியில் சி.எம்.ஐ. என்கிற சென்னைக் கணிதவியல் நிறுவனம். கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்சி. ஆனர்ஸ் அங்கே இருக்கிறது. கம்ப்யூட்டர் வேண்டும் என்று மாமன் பிடித்த பிடிக்கும் அதில் இடம் உண்டு. இன்னொன்று ஐ.எஸ்.ஐ., 1931இல் மகலனோபிஸ் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம். கொல்கத்தாவில் பி.ஸ்டாட்., பெங்களூரில் பி.மேத். படிக்கலாம். இரண்டுக்கும் தனித்தனி நுழைவுத் தேர்வு, பெரும்பாலும் மே மாதத்தில். இடங்கள் குறைவு, நாடு முழுவதிலிருந்தும் எழுதுவார்கள்.

அந்தத் தேர்வுகளை நான் சொல்வதற்குக் காரணம் தாளின் அமைப்பு. ஒரு பகுதியில் விடை மட்டும் போதும். இன்னொரு பகுதியில் ஏன் என்று வரிவரியாக எழுத வேண்டும். "24! நாலு பூச்சியத்தில் முடிகிறது, 25! ஆறில் முடிகிறது, சரியாக ஐந்தில் முடிகிற n! உண்டா?" என்பது போன்ற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லை என்று எழுதினால் மார்க் வராது. n கூடக் கூடப் பூச்சியம் குறையாது, 25ஐத் தொடும்போது ஒரே எட்டில் இரண்டு கூடுகிறது என்று எழுதினால்தான் வரும். விடைக்குறிப்பை எதிர்த்து நின்ற பிள்ளைக்கு இந்த மாதிரித் தாள் ஒத்துவரும்.

இடைஞ்சல்களையும் சொன்னேன். கேள்வித்தாள் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ் வழியில் படிக்கும் இவள், நிரூபணத்தை ஆங்கிலத்தில் எழுத இன்றிலிருந்தே பழக வேண்டும். சி.எம்.ஐ.யில் கட்டணம் உண்டு, சலுகையும் உண்டு. இரண்டு இடத்திலும் கட்டணம், உதவித்தொகை விவரங்களை அந்த ஆண்டு அறிவிப்பில் வாசித்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டும் கிடைக்காவிட்டால் கோவை அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்து, மூன்றாம் ஆண்டில் ஐ.ஐ.டி.க்களின் எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வான ஜாம் எழுதலாம். அந்த வழிக்குத் தறியை ஈடு வைக்க வேண்டியதில்லை.

பழைய கேள்வித்தாள்கள் இரண்டு நிறுவனங்களின் இணையதளத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. வாரம் ஒரு தாள், விடை மட்டும் போதாது, ஏன் என்பதை முழுசாக எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். எட்டு வாரம் ஆன பிறகும் நிரூபணப் பகுதி அவளுக்குச் சலிப்பாகவே இருந்தால் நானே மாமன் பக்கம் சேர்ந்து பேசுவேன், ஆனால் அப்போதும் கோட்டா இடத்துக்கு இல்லை, கலந்தாய்வில் கிடைக்கும் இடத்துக்கு.

புதன்கிழமை கட்டுவதாக இருந்த முன்பணத்தைக் கட்ட வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் தாளை மடித்துப் பெண்ணிடம் நீட்டி, "அந்த கிளாஸ் வாத்தியார்கிட்டயும் இந்த 375000ஐக் காட்டு" என்றார்.