ஊசியை முதலில் கீழே வையுங்கள்

கேள்வி: என் 12 வயது மகள் இரண்டு மாதங்களுக்கு முன் சாப்பிடும்போது கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். சில நாட்களில் உதட்டின் உள்பக்கம் நீர்க்குமிழி போல மெத்தென்று ஒரு வீக்கம் வந்தது. வலி இல்லை. என் மாமியார் அவள் கைகளைப் பிடித்துக்கொள்ள, தையல் ஊசியை நெருப்பில் காட்டி இரண்டு முறை குத்திவிட்டேன். ஒரே வாரத்தில் மறுபடி வந்துவிடுகிறது. இன்னும் ஆழமாகக் குத்த வேண்டுமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கைகளைப் பிடித்துக்கொண்டதைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்கோ கடிதத்தில் அதைத் தாண்டி நகர முடியவில்லை. வலியே இல்லாத ஒரு வீக்கத்துக்காக, வேண்டாமென்று திமிறிய பிள்ளையைப் பெரியவர்கள் இருவர் சேர்ந்து அடக்கி, வலியை நீங்களே உண்டாக்கியிருக்கிறீர்கள். பெற்றவள் என்பதோ பாட்டி என்பதோ அதற்கான உரிமையைத் தருவதில்லை.

குத்தியபோது முட்டையின் வெள்ளைக்கரு போல வழவழப்பாக ஏதோ வந்திருக்கும். அது சீழ் அன்று, உமிழ்நீரின் கோழை. உதட்டின் உட்தோலுக்கு அடியில் சின்னஞ்சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகள் பல உள்ளன. பல் பட்டு அவற்றுள் ஒன்றின் மெல்லிய குழாய் கிழிந்தால், சுரப்பது வாய்க்குள் வர வழியின்றிச் சதைக்குள்ளேயே கசிந்து தேங்குகிறது. இதைத்தான் மருத்துவர்கள் மியூகோசீல் என்கிறார்கள். உங்கள் ஊசி தேங்கியதை வெளியேற்றியதே தவிர, கிழிந்த குழாயையோ சுரந்துகொண்டே இருக்கும் சுரப்பியையோ ஒன்றும் செய்யவில்லை. மேல்தோல் மூடியதும் உள்ளே மீண்டும் நிறைகிறது. ஆழமாகக் குத்தினால் பக்கத்துச் சுரப்பியின் குழாயும் கிழியலாம், கிருமி நுழையலாம். திரும்பத் திரும்பக் காயப்பட்ட இடம் தழும்பேறி இறுகினால், பிறகு அறுத்தெடுப்பதும் கடினமாகும்.

சிறிய மியூகோசீல் சில வாரங்களில் தானாகவே வற்றிவிடுவதும் உண்டு. இரண்டு மாதமாகத் திரும்பத் திரும்ப வரும் உங்கள் மகளுடையதைப் பல் மருத்துவரிடமோ வாய், முக அறுவை மருத்துவரிடமோ காட்டியே ஆக வேண்டும். உதட்டை மரத்துப்போகச் செய்து, குமிழியோடு அதற்குக் காரணமான சுரப்பியையும் ஒட்டியுள்ள சிறு சுரப்பிகளையும் சேர்த்து எடுத்து, சில தையல்கள் போடுவது வழக்கம். சுரப்பியை விட்டுவிட்டால் அறுவைக்குப் பிறகும் இதே கதைதான். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அந்த இடத்தில் சில நாள் உணர்வு குறைந்திருக்கலாம் என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீக்கம் கெட்டியாக இருந்தாலோ, புண்ணாகி இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாவிட்டாலோ, மேலுதட்டில் வந்தாலோ, அதை மியூகோசீல் என்று வீட்டிலேயே முடிவு செய்யக் கூடாது.

உதட்டைக் கடிக்கும் பழக்கம் அவளுக்கு இருக்கிறதா என்பதையும் மருத்துவர் கேட்பார். அதற்கு நீங்கள் முந்திக்கொள்ளாமல், அவளையே பதில் சொல்ல விடுங்கள். என்ன செய்யப் போகிறார்கள் என்பதை அவளுக்கு முன்பே விளக்கிவிடுங்கள். அந்த நாற்காலியில் அவளாகக் கையை நீட்டினால் மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.